மூன்று முனைகளில் ஒரு பிணக்கு: சிர்ப்பூர் அந்தரிக்ஷ பார்சுவநாதர் ஆலயம் கற்பிக்கும் பாடம்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இவ்விழாவில் அகிம்சையைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். கொல்லாமையும் புலால் மறுத்தலும் நம் இல்லங்களில் பிள்ளைகளும் அறிந்தவை. ஆதலின் அவற்றை விடுத்து, வேறொரு வினாவை எடுத்துக்கொள்கிறேன். அகிம்சையை உயிர்மூச்சாகக் கொண்ட இரு சாரார், ஒரே தீர்த்தங்கரரைத் தொழுகிறவர்கள், தமக்குள் நூறாண்டுக்கு மேல் எவ்வாறு பிணங்கி நிற்க முடிகிறது? அவர்கள் தீயவர்கள் என்று சொல்லிவிட்டால் வினா முடிந்துபோகும். அவர்கள் தீயவர்கள் அல்லர் என்பதுதான் இதிலுள்ள அருமை.

இவ்வினாவுக்கு விடை தேட ஒரு கருவி வேண்டும். அதனை நமக்குத் தந்தவர் நார்வே நாட்டு அறிஞர் யோஹான் கால்டுங். 1930-இல் ஓஸ்லோ நகரில் பிறந்தவர். 2024-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் மறைந்தார். கணிதமும் சமூகவியலும் கற்றவர். இளமையில் படைப்பணியை மறுத்துச் சிறை சென்றார். காந்தியடிகளின் அரசியல் அறத்தைப் பற்றி, மெய்யியல் பேராசிரியர் ஆர்னே நேஸ் என்பாருடன் இணைந்து 1955-இல் ஒரு நூல் வெளியிட்டார். 1959-இல் ஓஸ்லோவில் அமைதி ஆய்வுக்கென்றே ஒரு நிறுவனம் தோன்றக் காரணமானார். அவர் வகுத்த முறைகளுள் எளிமையானதும் பெரிதும் பயன்படுவதுமாகிய ஒன்று பிணக்கு முக்கோணம்.

ஒரு முக்கோணம் வரைந்துகொள்ளுங்கள். ஒரு முனையில் மனப்பாங்கு. ஒரு முனையில் நடத்தை. மற்றொரு முனையில் முரண்பாடு. ஆங்கிலத்தில் ஏ, பி, சி என்னும் முதல் மூன்று எழுத்துகளில் தொடங்கும் சொற்களாக இம்மூன்றையும் அவர் அமைத்தார். மனப்பாங்கு என்பது எதிர்த் தரப்பாரைப் பற்றி நாம் உள்ளத்தில் கொண்டிருக்கும் எண்ணமும் உணர்ச்சியும்; அச்சம், ஐயம், வெறுப்பு, இழிவாகக் கருதுதல் ஆகியன அதில் அடங்கும். நடத்தை என்பது வெளியே செய்வது. ஏசுதல், அடித்தல், வழக்கிடுதல், அழைப்பை மறுத்தல் ஆகியன அதில் அடங்கும். முரண்பாடு என்பது இரு சாராரின் நோக்கங்களும் ஒருசேர நிறைவேற முடியாதபடி நிற்கும் நிலைமை. மூன்றனுள் நடத்தை ஒன்றே கண்ணுக்குத் தெரியும். மற்ற இரண்டும் மறைந்திருப்பவை. ஆயினும் பிணக்கை வாழவைப்பவை அவையே.

வயலில் நின்று பார்த்தால் இது இன்னும் விளங்கும். தாயாதிகள் இருவர்க்கு ஒரே கிணறு. கோடையில் நீர் குறைகிறது. இருவர் பயிரும் ஒரே வாரத்தில் வாடுகின்றன. இதுதான் முரண்பாடு. இதில் எவருடைய குணமும் இன்னும் வரவில்லை. ஒருவர் முறை கடந்து ஒரு மணி நேரம் கூடுதலாக நீர் இறைக்கிறார். மற்றவர் வரப்பை வெட்டிவிடுகிறார். இது நடத்தை. 'அவன் எப்போதும் இப்படித்தான். அவன் தகப்பனும் இப்படித்தான்' என்று இரு வீட்டிலும் பேச்சு எழுகிறது. இது மனப்பாங்கு. மழை பெய்து கிணறு நிரம்பிய பின்னும் அப்பேச்சு நிற்பதில்லை. அடுத்த ஆண்டு ஒருவர் வாய்க்காலைத் தூர்வாரினால், அது உதவியாகத் தோன்றாது. எல்லையை நகர்த்தும் சூழ்ச்சியாகத் தோன்றும். இவ்வாறு ஒரு முனை மற்ற இரண்டையும் வளர்க்கிறது. பிணக்கு எந்த முனையிலும் தொடங்கலாம். தொடங்கியபின் மூன்றும் ஒன்றையொன்று உண்டு வளர்கின்றன.

இனி நாம் எடுத்துக்கொண்ட வழக்கிற்கு வருவோம். மகாராட்டிர மாநிலம் வாசிம் மாவட்டத்தில் சிர்ப்பூர் என்னும் ஊர் உள்ளது. முன்னாளில் அது அகோலா மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அங்கே அந்தரிக்ஷ பார்சுவநாதர் எழுந்தருளியுள்ளார். அந்தரம் என்பது வெளி. திருவுருவம் தரையில் ஊன்றாமல் நிற்கிறது என்னும் நம்பிக்கையால் அப்பெயர் அமைந்தது. நாகம் குடை விரிக்க, பதுமாசனத்தில் அமர்ந்த கரிய திருமேனி அது. அதைத் தொழத் திகம்பரரும் வருகின்றனர், சுவேதாம்பரரும் வருகின்றனர்.

இவ்வழக்கைப் புரிந்துகொள்ள ஒரு செய்தியை மனத்தில் இருத்த வேண்டும். அத்திருவுருவம் கருங்கல்லில் வடித்ததன்று; மணலும் சாணமும் முதலியன சேர்ந்து அமைந்தது என்பது மரபு. ஆகவே அது தேயும். தேய்ந்தால் மேலே பூச்சு இட வேண்டும். அங்குள்ளோர் அதனை 'லேபம்' என்பர். பூச்சு இடுகிறவரின் கைதான் திருமேனியின் மேற்பரப்பு எவ்வாறு இருக்கும் என்பதை முடிவு செய்கிறது. கல்லில் வடித்த உருவமாயின் இவ்வழக்கே வந்திராது என்று கூடச் சொல்லலாம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆலயம், அங்கே ஊழியம் செய்துவந்த போல்கர் என்னும் மராத்தியக் குடும்பத்தார் பிடியில் இருந்தது. திகம்பரரும் சுவேதாம்பரரும் ஒன்றுபட்டே அதனை அவர்களிடமிருந்து மீட்டனர். இதனைக் கவனியுங்கள். அந்நாளில் இரு சாராரிடையே தோளோடு தோள் நிற்கும் அளவுக்கு இணக்கம் இருந்தது. மீட்டபின் 1905-இல் இரு சாராரும் கூடி ஓர் ஏற்பாடு செய்துகொண்டனர். வழிபாட்டு நேரத்தைப் பகுத்துக்கொள்வது என்பதே அந்த ஏற்பாடு. சுவேதாம்பரர் தம் நேரத்தில் திருவுருவத்திற்குக் கண்மலர், திலகம், மகுடம், அணிகலன்கள் சாத்தி வழிபடுவர். திகம்பரர் தம் நேரத்தில் அவையின்றி வழிபடுவர்.

இது நம் கிணற்று முறைநீரைப் போன்றது. ஒருவர் முறையில் மற்றவர் தலையிடுவதில்லை. மகுடமும் கண்மலரும் எடுத்து வைக்கக்கூடியவை. ஆதலின் நேரத்தைப் பங்கிட்டால் பிணக்கு தீர்ந்துவிடும் என்று அன்றைய பெரியோர் கருதினர். அவர்கள் கருதியது தவறன்று. எடுத்து வைக்கக்கூடிய பொருள்களைப் பொறுத்தமட்டில் அந்த ஏற்பாடு பொருத்தமானதே.

சிக்கல் எடுத்து வைக்க முடியாத ஒன்றிலிருந்து வந்தது. 1908-இல் சுவேதாம்பரர் திருவுருவத்திற்குப் பூச்சு இட்டனர். அப்பூச்சில் கடிசூத்திரம் என்னும் இடைநாணும், கச்சையின் வரையும் அமைந்திருந்தன. அவை பழைய வடிவில் இருந்தவையே, தேய்ந்ததைப் புதுப்பித்தோம் என்பது அவர்கள் நிலை. திகம்பரர்க்கு அது ஏற்புடையதாகவில்லை. அடுத்த ஆண்டு திகம்பரர் அவ்வடையாளங்களைக் கருவி கொண்டு நீக்கிவிட்டனர் என்று குற்றச்சாட்டு எழுந்தது. 1910-இல் சுவேதாம்பரர் அகோலா நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். 1918-இல் அங்கே தீர்ப்பு. மேல்முறையீட்டில் 1923-இல் மத்திய மாகாண நீதி ஆணையர் நீதிமன்றத்தில் தீர்ப்பு. அதன்மேல் இலண்டன் பிரிவி கவுன்சில். 1929-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 9-ஆம் நாள் பிரிவி கவுன்சில் தன் முடிவைக் கூறியது. ஆலய நிர்வாகம் சுவேதாம்பரர்க்கே உரியது. கடிசூத்திரமும் கச்சையும் பூச்சும் உடையதாகத் திருவுருவத்தை வைத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு. எனினும் 1905-ஆம் ஆண்டு ஏற்பாட்டின்படி திகம்பரர் வழிபடும் உரிமையில் அவர்கள் தலையிடலாகாது. இதுவே அம்முடிவின் சாரம்.

பத்தொன்பது ஆண்டுகள் நடந்த வழக்கு, பேரரசின் உச்ச மன்றத்தில் முடிந்தது. பிணக்கு முடிந்ததா? இல்லை. பூச்சு தேயுந்தோறும், யார் இடுவது, எவ்வடிவில் இடுவது என்னும் வினா மீண்டும் எழுந்தது. புதிய வழக்குகள் வந்தன. 1981-இல் ஆலயம் பூட்டப்பட்டது. நாற்பத்திரண்டு ஆண்டுகள் அப்பூட்டு கிடந்தது. 2023-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் உச்ச நீதிமன்றம், பழைய தீர்ப்பின் வழியிலேயே, சுவேதாம்பரர் பூச்சுப் பணியைச் செய்ய இசைவு தந்தது. மார்ச்சுத் திங்களில் ஆலயம் திறந்தது. திறந்த சில நாள்களிலேயே இரு சாராரிடையே கைகலப்பு ஏற்பட்டுக் காவல்துறை வர நேர்ந்தது.

இப்போது முக்கோணத்தை இவ்வரலாற்றின்மேல் வைத்துப் பார்ப்போம்.

முதலில் நடத்தை. பூசியது, நீக்கியது, வழக்கிட்டது, மேல்முறையீடு செய்தது, பூட்டியது, கைகலந்தது ஆகிய யாவும் நடத்தை. செய்தித்தாள் எழுதுவது இந்த முனையை மட்டுமே. காவல்துறை காணக்கூடியதும் இதையே. 1981-ஆம் ஆண்டுப் பூட்டு இந்த முனைக்கு இட்ட மருந்து. அது தன் வேலையைச் செய்தது. கருவறையில் சச்சரவு நிகழ இடமில்லாமற் போயிற்று. ஆனால் மற்ற இரு முனைகளையும் அது தொடவில்லை. தொழ வந்த தலைமுறைகள் தொழாமல் திரும்பின. தொழ முடியாமைக்குக் காரணம் எதிர்த் தரப்பார் என்னும் எண்ணம் இரு பக்கமும் வளர்ந்தது. நாற்பத்திரண்டு ஆண்டு அடங்கியிருந்த ஒன்று, சில நாள்களில் வெளிப்பட்டதென்றால், அடங்கியிருந்தது நடத்தை மட்டுமே என்பது தெளிவு. பிணக்கு ஓய்ந்ததா, ஓசை மட்டும் ஓய்ந்ததா என்று அறிய விரும்பினால், தடையை நீக்கிய முதல் வாரத்தைப் பாருங்கள்.

அடுத்தது மனப்பாங்கு. 1905-க்கு முன் இணைந்து நின்றவர்கள், 1910-இல் எதிரெதிரே நின்றனர். ஐந்தே ஆண்டில் சமயக் கொள்கை மாறிவிடவில்லை. மாறியது, ஒருவர் செயலை மற்றவர் படிக்கும் முறை. 1908-இல் நடந்ததைச் சுவேதாம்பரர் 'பராமரிப்பு' என்றனர். திகம்பரர் 'ஆக்கிரமிப்பு' என்றனர். அடுத்த ஆண்டு நடந்ததைத் திகம்பரர் 'மீட்பு' என்றனர். சுவேதாம்பரர் 'பகவானின் திருமேனியைக் காயப்படுத்தியது' என்றனர். ஒரே செயலுக்கு இரு பெயர். அதன்பின் எச்செயலும் ஐயமின்றிப் பார்க்கப்படுவதில்லை. பூச்சில் ஒரு விரிசல் கண்டாலும் அது காலத்தால் வந்ததா, கையால் வந்ததா என்று கேட்கும் மனநிலை உண்டாகிவிடுகிறது. மனப்பாங்கு தனியே வேர்விட்டுவிட்டது என்பதற்கு ஓர் அடையாளம் உண்டு. சிர்ப்பூரை நேரில் கண்டிராத இளைஞர், அவ்வழக்கின் ஒரு தாளையும் படித்திராதவர், அதன் பெயரைக் கேட்டதும் சினம் கொள்கிறார் என்றால், அது முரண்பாட்டால் வந்த சினம் அன்று. வழிவழியாக வந்த சினம்.

மூன்றாவது முரண்பாடு. இதுதான் மூன்றனுள் காண அரியது. இதனைக் கண்டறிய நான் ஒரு வினாவைப் பயன்படுத்துவதுண்டு. நாளைக் காலை விழித்தெழும்போது இரு சாராரும் பகையை முற்றும் மறந்தவராக, நல்லவராக எழுந்தால், எது எஞ்சியிருக்கும்? எஞ்சுவது எதுவோ அதுவே முரண்பாடு. தாயாதிகள் கிணற்றில் எஞ்சுவது கோடை. சிர்ப்பூரில் எஞ்சுவது எது?

பலரும் 'திகம்பர சுவேதாம்பரக் கொள்கை வேறுபாடு' என்பர். அது விடையன்று. கொள்கை வேறுபாடு பல நூற்றாண்டுகளாக உள்ளது. இரு சாராரும் வெவ்வேறு ஆலயங்களில் அமைதியாகத் தொழுகிற ஊர்கள் எத்தனையோ உள்ளன. அங்கெல்லாம் அதே வேறுபாடு பிணக்காகவில்லை. சிர்ப்பூரில் எஞ்சுவது வேறு. ஒரே திருமேனி, அதன் மேற்பரப்பு ஒன்று, அது ஒரு காலத்தில் ஒரு வடிவையே தாங்கும். பதுமாசனத் திருவுருவத்தில் இடைநாணும் கச்சை வரையும் சில விரற்கடை அளவே. ஆனால் திகம்பரர்க்கு, ஆடையின்மை என்பது முற்றத் துறந்தமையின் அடையாளம். அவ்வரை உள்ள உருவம் அவர் தொழும் வீதராக உருவம் ஆவதில்லை. சுவேதாம்பரர்க்கோ, அவ்வரை அத்திருவுருவத்தின் மூல வடிவு. அதை விடுவது தம் முன்னோர் தொழுத பகவானை மாற்றிவிடுவதாகும். இரண்டும் நேர்மையான நோக்கங்களே. ஆயினும் ஒரே பரப்பில் ஒருசேர நிறைவேறா.

இத்துடன் ஒரு முடிச்சும் உண்டு. நிர்வாகம் யாரிடமோ அவரே பூச்சு இடுவார். பூச்சு இடுகிறவரே வடிவை முடிவு செய்வார். ஆகவே 'யார் நிர்வாகி' என்னும் உலகியல் வினாவும், 'எது தொழத் தக்க வடிவு' என்னும் சமய வினாவும் ஒரே கயிற்றில் முடிச்சிட்டுக் கிடக்கின்றன. 1905-ஆம் ஆண்டு ஏற்பாடு நேரத்தைப் பங்கிட்டது. மகுடத்தை மாலையில் கழற்றலாம். பூச்சைக் கழற்ற முடியாது. எனவே அந்த ஏற்பாடு முரண்பாட்டின் புறத்தைத் தீர்த்தது, அகத்தைத் தீர்க்கவில்லை. கிணற்றுக்கு முறை வகுத்துவிட்டு, கிணற்றின் வடிவை மாற்றும் உரிமை யாருக்கு என்பதைச் சொல்லாமல் விட்டது போன்றது அது. நான்கே ஆண்டில் அக்குறை வெளிப்பட்டது.

இங்கே நம் அநேகாந்தத்தைப் பற்றி ஒரு சொல். ஒரு பொருளுக்குப் பல தன்மைகள் உண்டு, ஒவ்வொரு பார்வையும் ஒரு தன்மையைக் காண்கிறது என்பது நம் ஆசாரியர்கள் உலகுக்கு வழங்கிய பெருங்கொடை. அதனை உளமாரக் கைக்கொண்டால் மனப்பாங்கு முனை மெலியும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அநேகாந்தம் நம் அறிவைப் பற்றியது. அறிவு இரு பார்வைகளையும் ஒருங்கே ஏற்கலாம். பூச்சு இட்ட பரப்பு இரு வடிவங்களை ஒருங்கே ஏற்காது. ஆகவே 'இரு சாராரும் அநேகாந்தத்தைப் பின்பற்றினால் போதும்' என்று மேடையில் சொல்லிவிட்டு இறங்குவது எளிது. அது முக்கோணத்தின் ஒரு முனைக்கு மட்டுமே மருந்து. அறிவுரை மனப்பாங்கைத் தொடும். காவல் நடத்தையைத் தொடும். முரண்பாட்டைத் தொட, புதிதாக ஓர் அமைப்பை ஆக்கினால்தான் முடியும்.

நீதிமன்றம் எதைத் தொட்டது என்று கேட்பீர்கள். நீதிமன்றம் முரண்பாட்டை ஒரு வகையில் தொட்டது. உரிமை யாருக்கு என்று அறுதியிட்டது. இது சிறு பணியன்று. அறுதியிட்டிராவிடில் வலியவர் கையே ஓங்கியிருக்கும். சட்டத்தை மதிப்பது நம் கடமையும் ஆகும். ஆனால் உரிமையை அறுதியிடுவதும், நோக்கங்களைப் பொருந்த வைப்பதும் இரு வேறு செயல்கள். தீர்ப்பு ஒருவர்க்கு வடிவையும் மற்றவர்க்கு நேரத்தையும் தந்தது. நேரம் பெற்றவர், தாம் விரும்பாத வடிவின்முன் அந்நேரத்தைக் கழிக்க வேண்டியவராயினர். வடிவு பெற்றவர், ஒவ்வொரு பூச்சுக்கும் எதிர்ப்பை எதிர்நோக்க வேண்டியவராயினர்.

ஒரு பிணக்கு ஐந்து வகையில் முடியலாம் என்று கால்டுங் கூறுவார். ஒருவர் வெல்வது, மற்றவர் வெல்வது, இருவரும் விலகுவது, இருவரும் பாதி பாதி பெறுவது, இருவர் நோக்கமும் நிறைவேறும் புதிய நிலை ஒன்றைக் காண்பது. சிர்ப்பூர் இவற்றுள் மூன்றைக் கண்டுவிட்டது. 1905 பாதி பாதி. 1929 ஒருவர் வெற்றி. 1981-க்குப் பின் இருவரும் விரும்பாத விலகல். முயலாதது ஐந்தாவது.

ஐந்தாவது எப்படி இருக்கும் என்று காட்ட ஓர் எடுத்துக்காட்டு மட்டும் கூறுகிறேன். இது என் பரிந்துரையன்று. 1905-ஆம் ஆண்டு ஏற்பாட்டின் வலிமை, எடுத்து வைக்கக்கூடிய பொருள்களில் இருந்தது என்றோம். அப்படியாயின் இடைநாணையும் கச்சையையும் பூச்சில் பொறிக்காமல், மகுடம் போல எடுத்துச் சாத்தக்கூடிய அணியாக ஆக்கினால் என்ன? திகம்பரர் நோக்கம் அவர் நேரத்தில் நிறைவேறும். ஆனால் சுவேதாம்பரர் உடனே மறுப்பர். அம்மறுப்பில் பொருள் உண்டு. 'சாத்துவதன்று எங்கள் நோக்கம். மூல வடிவைக் காப்பதே நோக்கம். உச்ச மன்றங்கள் அளித்த உரிமையை ஏன் விட வேண்டும்?' என்பர். அவ்விடத்தில்தான் உண்மையான பேச்சு தொடங்குகிறது. மூல வடிவு, நிர்வாகம் என்னும் இவ்விரண்டிலும் அவர்களுக்குள்ள இடத்தைத் திகம்பரர் எவ்வாறு ஏற்று அறிவிப்பது, அதற்கு ஈடாக அவர்கள் எதை நெகிழ்த்தக்கூடும் என்று பேச்சு நகரும். இசைவு பிறக்கலாம், பிறவாமலும் போகலாம். ஆனால் பேச்சு, 'அவன் எப்படிப்பட்டவன்' என்பதை விட்டு, 'எது எவ்வாறு பொருந்தும்' என்பதற்கு வந்துவிடுகிறது. முக்கோணம் செய்யக்கூடியது அவ்வளவே.

இக்கருவிக்கும் எல்லைகள் உண்டு. முதலாவது, முக்கோணத்தை வரைகிறவர் யார் என்பது. நாம் தமிழ்ச் சமணர், திகம்பர மரபினர். நாம் வரைந்தால் முரண்பாட்டு முனையில் நம் நோக்கத்தை அழகாக எழுதுவோம்; எதிர்த் தரப்பார் நோக்கத்தை 'பிடிவாதம்' என்று எழுதிவிடுவோம். பிடிவாதம் என்பது நோக்கமன்று. அது நாம் இட்ட பெயர், மனப்பாங்கு முனைக்கு உரியது. ஆகவே ஒவ்வொரு தரப்புக்கும் ஒரு முக்கோணம் தனியே வரைய வேண்டும். எதிர்த் தரப்பார் நோக்கத்தை நாம் எழுதிய சொற்களைப் படித்து, 'ஆம், நாங்கள் வேண்டுவது இதுவே' என்று அவர் ஒப்பினால்தான் அது சரியாக எழுதப்பட்டதாகும். இன்று நான் சுவேதாம்பரர் நோக்கமாகச் சொன்னவை அத்தேர்வில் தேறுமா என்பதை அவர்களே சொல்ல வேண்டும்.

இரண்டாவது, வலிமையின் ஏற்றத்தாழ்வை முக்கோணம் தானாகக் காட்டாது. மூன்று முனைகளும் சமமாக வரையப்படுவதால், இரு தரப்பும் சமமானவை என்னும் தோற்றம் உண்டாகும். ஒருவரிடம் சாவியும் மற்றவரிடம் வேண்டுகோளும் மட்டும் இருக்கும் இடத்தில் அத்தோற்றம் பொய். யாரிடம் சாவி உள்ளது என்பதை முரண்பாட்டு முனையிலேயே எழுதிவிட வேண்டும்.

மூன்றாவது, தரப்பார் இருவர்தாமா என்பது. சிர்ப்பூரில் ஊர் மக்கள் உண்டு. ஆலய ஊழியர் உண்டு. தொலைவில் இருந்துகொண்டு வழக்குக்குப் பொருள் உதவுவோர் உண்டு. உள்ளூரில் அன்றாடம் முகம் பார்த்து வாழ்வோரின் நோக்கமும், ஒருநாளும் அங்கு வாழாதவர் நோக்கமும் ஒன்றாக இருப்பதில்லை. இவர்களை எல்லாம் இரு பெயர்களுக்குள் அடக்கினால், இணங்க விரும்புவோர் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துபோவர்.

பெரியோர்களே, சிர்ப்பூர் நமக்கு நெடுந்தொலைவில் உள்ளது. எனினும் அதைப் பற்றிய செய்தி அலைபேசிகள் வழியே நம் வீடுகளுக்கு வருகிறது; வரும்போது நடத்தை முனையை மட்டும் சுமந்து வருகிறது. இன்னார் தாக்கினர், இன்னார் தடுத்தனர் என்று வருகிறது. அதைப் படித்து நாம் சினந்து பிறர்க்கு அனுப்பினால், மனப்பாங்கு முனைக்கு எண்ணெய் வார்த்தவர் ஆகிறோம். அங்கே இணக்கம் தேடும் நம் உடன்பிறப்புகளின் பணியை மேலும் அரிதாக்குகிறோம். சிந்தையால் நேரும் இம்சையையும் இம்சை என்றே நம் அறநூல்கள் கணக்கிடுகின்றன. எனவே அடுத்த முறை அச்செய்தி வரும்போது, அனுப்பும் முன் ஒரு வினாவைக் கேட்டுக்கொள்ளுங்கள்: அந்தச் சில விரற்கடைப் பூச்சில் எதிர்த் தரப்பார் காப்பது எதை? அதனை அவரே ஒப்பும்படி ஒரு வாக்கியத்தில் நம்மால் சொல்ல முடியுமாயின், நாம் பிணக்கைப் புரிந்துகொண்டோம். முடியாதாயின், நாமும் அதில் ஒரு தரப்பாகிவிட்டோம்.